அனைத்து ஊழியர்களுக்கும்

கடிதம் எழுதுபவனுக்குத் தான் யாருக்கு எழுதுகிறான் என்பது தெரியும். கதை எழுதுபவனுக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. சுற்றுநிருபம் எழுதுபவனின் நிலை இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ளது. தன் எழுத்தை வாசிக்கப்போகும் ஒவ்வொருவரையும் அவன் முகமறிவான். ஆயினும் அவர்களை ஒருவர் ஒருவராக விளிக்க அவனால் இயலாது. கணக்காளரும், பிரதம இலிகிதரும், சாரதியும், இரவுக் காவலாளியும், முற்றம் கூட்டும் தொழிலாளியும் ஒரே தாளை, ஒரே அறிவித்தற் பலகையின் முன் நின்று வாசிக்கின்றனர். ஆங்கிலத்திலே இது பெரிய இடர்ப்பாடன்று. அம்மொழியின் ஏவல் வினைக்கு மரியாதைப் படிகள் இல்லை. தமிழ் வினையோ தன் வாலிலே இடத்தையும் எண்ணையும் மதிப்பையும் சுமந்து வருவது. ‘செய்’ என்றாலும், ‘செய்யும்’ என்றாலும், ‘செய்யுங்கள்’ என்றாலும், பேசுபவன் கேட்பவனை எந்தப் படியில் நிறுத்தியுள்ளான் என்பது அக்கணமே வெளிப்பட்டுவிடுகிறது.

மன்னார் மாவட்டத்தில் ஒரு பொது அலுவலகத்திலே பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளனாகவும், பின்னர் நிருபங்களை வரைபவனாகவும் கடமையாற்றியவன் நான். பிறந்த ஊர் முள்ளிக்குளம். சிலாவத்துறைக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டின் வடவிளிம்பில், கடலை நோக்கியிருக்கும் சிற்றூர். 2007 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2017 ஏப்ரலில், நிலத்தின் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை இணங்கிய பின்னரே மக்கள் திரும்பத் தொடங்கினர். ஊரைப் பற்றி எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும், ஒருவரை ஒருவர் எவ்வாறு ஏவுவது என்ற பாடத்தை நான் முதலிற் கற்றது அக்கடற்கரையிலேயாதலால், ஊரின் பெயர் இங்கே ஓரிரு முறை வரும்.

அலுவலகத் தமிழில் ஏவலுக்கு வழங்கும் வடிவங்கள் பல. ‘நீர்’ என்னும் விளியும் அதற்கேற்ற ‘செய்யும்’ என்னும் முடிபும் ஈழத்துப் பேச்சிலே இன்றும் உயிருடன் உள்ளன. ‘நீ’ என்பதற்கு மேலே, ‘நீங்கள்’ என்பதற்குக் கீழே அவை நிற்கின்றன. கணவன் மனைவியை விளிக்கவும், ஆசிரியர் வளர்ந்த மாணவனை விளிக்கவும் அது இதமானது. எழுத்திலே வரும்போது அந்த இதம் மறைந்து அதிகாரம் மட்டும் எஞ்சுகிறது. நீதிமன்ற அழைப்பாணையிலே ‘நீர்’ என்னும் விளியைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எனவே, அனைவருக்குமான நிருபத்தில் ‘நீர்’ புகுதல் கூடாது என்பதில் எங்கள் அலுவலகத்தில் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

‘செய்யுங்கள்’ என்பது மரியாதையானதுதானே, அதை எழுதினால் என்ன என்று புதிதாய் வந்த இளைஞர் ஒருவர் கேட்டார். மரியாதையானதுதான், ஆனால் அது முகத்துக்கு முகம் நின்று பேசும் வடிவம். ஒரு பந்திக்கு ஒன்று வந்தால் நன்று. பத்து வரிகளில் எட்டு முறை வந்தாற் பள்ளிக்கூடத்து மேடையிலிருந்து ஒருவர் பேசுவது போலாகிவிடும்.

தமிழ் கற்றோர் பலர் வியங்கோளை நாடுவர். ‘அறிக’, ‘தருக’, ‘நிரப்புக’ என்பன சுருங்கியவை, பார்வைக்கும் அழகியவை. வியங்கோள் முன்னிலையோடும் தன்மையோடும் பொருந்தாது என்பது தொல்காப்பியர் கொள்கை. பவணந்தியாரோ அது இடம், பால் எல்லாவற்றிலும் செல்லும் என நன்னூலில் வகுத்தார். பின்னையவரின் விதியை ஏற்றுக்கொண்டால், கணக்காளருக்கும் காவலாளிக்கும் ஒரே வடிவம் போதும். உயர்வு தாழ்வு வினையிலே தெரியாது. கொள்கையளவில் நிருபத்துக்கு இதைவிடப் பொருத்தமான முடிபு இல்லை எனலாம். நடைமுறையிலோ ஓர் இடறல் உண்டு. ‘செய்க’ என்பதும் ‘செய்ய’ என்பதும் வேறு வேறு வடிவங்கள்; ‘தருக’ என்பதும் ‘தர’ என்பதும் அவ்வாறே. ஆனால், ‘கொடு’, ‘சமர்ப்பி’, ‘விண்ணப்பி’ முதலிய வினைகளுக்கு வியங்கோளும் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சமும் ஒன்றாகவே வரும். ‘படிவங்களை 10 ஆந் திகதிக்குள் சமர்ப்பிக்க’ என்று வாக்கியத்தை முடித்தால், வாசிப்பவர் அடுத்த சொல்லைத் தேடுவார். ‘சமர்ப்பிக்க’ என்ன? சமர்ப்பிக்க வேண்டுமா? சமர்ப்பிக்க இயலாதா? தட்டெழுதியவர் ஒரு வரியை விட்டுவிட்டார் என்றே எங்கள் சாரதி ஒருவர் முடிவு செய்தார். அலுவலகத்திலே அதிகமாகப் பயன்படும் வினைகள் பெரும்பாலும் இவ்வகையினவாய் இருப்பது வியங்கோளின் தீவினை என்றே சொல்ல வேண்டும்.

‘சமர்ப்பிக்கவும்’ என்பதற்கும் இதையொத்த குறையுண்டு. கதவிலே ஒட்டும் ஒற்றை வரிக்கு அது ஏற்றது. ‘கதவை மூடவும்’ என்றால் எவருக்கும் ஐயமில்லை; எவருடைய மதிப்பும் குறைவதுமில்லை. நீண்ட வாக்கியத்தின் நடுவே வந்தாலோ அந்த ‘உம்’ எண்ணும்மையாகிவிடும். ‘படிவத்தை நிரப்பவும் கையொப்பமிடவும்’ என்று வாசித்தவர், ‘உதவி வழங்கப்படும்’ என்று வாக்கியம் முடியுமோ என்று எதிர்பார்ப்பதிலே தவறில்லை.

இவற்றுக்கெல்லாம் அஞ்சியோ, ஆங்கில நிருபத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததாலோ, நமது அலுவலகங்கள் போய்ச் சேர்ந்த இடம் ‘இத்தால் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’ என்பதாகும். 1956 இல் வந்த மொழிச் சட்டத்தின் பின் நெடுங்காலம் இந்நாட்டின் மத்திய நிருபங்கள் வேறு மொழிகளிற் பிறந்து தமிழுக்குப் பெயர்க்கப்பட்டவை. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் 1987 இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டில் வந்த 16 ஆவது திருத்தம் அதனை நிருவாகத்துக்கும் விரித்தது. சட்டம் மாறினாலும் வாய்பாடு மாறவில்லை. தமிழர் ஒருவர், தமிழரே பெரும்பாலாராயுள்ள ஓர் அலுவலகத்துக்கு, தாமே தமிழிற் சிந்தித்து எழுதும் நிருபத்திலும் மொழிபெயர்ப்பின் வினைமுற்றே முதலில் வந்து நிற்கிறது.

அந்த வினைமுற்றிலே இரண்டு குறைகள் உள்ளன. கேட்பவர் யார் என்பது மறைந்துவிடுகிறது, இது முதலாவது. மற்றது இன்னும் நுட்பமானது: தாளை வாசித்துக்கொண்டு முன்னே நிற்பவரைப் படர்க்கையிலே பேசுகிறோம். ‘ஊழியர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’ என்பதை ஓர் ஊழியர் வாசிக்கும்போது, தன்னைப்பற்றி வேறு இருவர் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பவர் போலாகிறார். எழுதியவர் இதனை மரியாதை என்று கருதியே எழுதினார். சொல் நீண்டால் மரியாதை கூடும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. தமிழ்நாட்டு அரசாணைகளிலே ‘அரசு ஆணையிடுகிறது’ என்று எழுவாயோடு முடியும் வாக்கியம் வழக்கில் உண்டு. ஆணையாயினும் ஆணையிடுபவர் முன்னே வந்து நிற்கிறார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

இனி ஒரு நிருபத்தை எடுத்துக்கொள்வோம். இது எங்கள் அலுவலகத்துக்கு வந்து பலகையில் ஒட்டப்பட்டது. ஆளும் இடமும் தெரியாதவாறு சிலவற்றை நீக்கியுள்ளேன். வாக்கியத்தின் கட்டமைப்பைத் தொடவில்லை.

‘மேற்படி விடயம் தொடர்பாக இதற்கு முன்னர் வெளியிடப்பட்ட அறிவுறுத்தல்களுக்கு மேலதிகமாக, இரவுக் கடமையில் ஈடுபடுத்தப்படும் ஊழியர்கள் தமது கடமை நேரப் பதிவுகளைப் பிரிவுப் பொறுப்பாளரின் சிபாரிசுடன் ஒவ்வொரு மாதமும் 5 ஆந் திகதிக்கு முன்னர் கணக்குக் கிளைக்குச் சமர்ப்பிக்கத் தவறும் பட்சத்தில், உரிய மாதத்துக்கான மேலதிக நேரக் கொடுப்பனவு, தவறுக்கான காரணம் எழுத்து மூலம் விளக்கப்பட்டு அது நிறைவேற்று அலுவலரால் ஏற்றுக்கொள்ளப்பட்டாலன்றி, வழங்கப்படமாட்டாது என்பதனை அனைத்து ஊழியர்களும் கவனத்திற் கொள்ளுமாறு இத்தால் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.’

ஒரே வாக்கியம், 50 சொற்களுக்கு மேல். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அடுத்த மாதம் காவலாளிகள் மூவர் தம் பதிவுகளை 5 ஆந் திகதி பிற்பகலிலே கொண்டுசென்று கொடுத்தனர். ‘5 ஆந் திகதிக்கு முன்னர்’ என்றால் 4 ஆந் திகதியோடு காலம் முடிந்தது என்பது கணக்குக் கிளையின் வாசிப்பு. 5 ஆந் திகதி முடிவதற்கு முன்னர் என்பது காவலாளிகளின் வாசிப்பு. சொல்லின் நேர்ப்பொருள் கிளையின் பக்கமே நின்றது. மூவருக்கும் அந்த மாதத்து மேலதிக நேரப் பணம் வரவில்லை. இரவு முழுவதும் விழித்திருந்து ஈட்டிய பணம் அது. ஒருவர் அதனை எதிர்பார்த்துப் பிள்ளையின் பாடசாலைச் செலவுக்குக் கடன் வாங்கியிருந்தார்.

இதைவிடத் துயரமானது வேறொன்று. பரிகாரம் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருந்தது. காரணத்தை எழுதிக் கொடுத்தால், அதை ஏற்றுக்கொண்டு பணம் வழங்க நிருபமே இடம் தந்திருந்தது. அம்மூவரில் எவரும் அதை அறியவில்லை. ‘கொடுப்பனவு’ என்னும் எழுவாய்க்கும் ‘வழங்கப்படமாட்டாது’ என்னும் பயனிலைக்கும் நடுவே அந்தச் சலுகை செருகப்பட்டிருந்தது. வாசிப்பவரின் மனம் எழுவாயைப் பிடித்துக்கொண்டு பயனிலையைத் தேடி ஓடும்போது, நடுவில் உள்ளது காலடியில் நழுவிப்போகிறது. மூவரில் மூத்தவர் முள்ளிக்குளத்தவர். என் தந்தையோடு கடலுக்குச் சென்றவர். என்னிடம் அந்தத் தாளைக் கொண்டுவந்து, ‘தம்பி, கடைசியா இதைக் குடுக்கிறதோ, குடுக்காம விடுறதோ?’ என்று கேட்டார். ‘ஐயா, காரணத்தை எழுதித் தாருங்கோ, இதிலேயே அதுக்கு வழி இருக்குது’ என்றேன். அவர் என்னை நம்பாமல் நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் மூவரும் எழுதிக் கொடுத்தனர். அடுத்த மாதச் சம்பளத்தோடு பணம் வந்தது.

நீளமான வாக்கியம் எந்த மொழியிலும் தொல்லைதான் என்று சிலர் கூறுவர். அது முழு உண்மையன்று. இங்கிலாந்திலே திறைசேரியின் வேண்டுகோளின்படி ஏர்னஸ்ட் கவர்ஸ் என்பவர் அரசாங்க எழுத்தைச் சீர்செய்ய 1948 இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதுமாறு அலுவலர்களுக்கு அவர் கூறிய அறிவுரை புகழ்பெற்றது. ஆனால், ஆங்கிலத்திலே எழுவாயை அடுத்து வினை வந்துவிடுகிறது. ‘பணம் வழங்கப்படாது’ என்பதை முதலிலே தெரிந்துகொண்டபின், ‘இன்ன காரணம் இருந்தாலன்றி’ என்ற நிபந்தனைகளை வாசகர் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுக்கொண்டு போகலாம். களைத்த இடத்தில் நிறுத்தினாலும் தலையாய செய்தி கையில் இருக்கும். தமிழிலோ நிபந்தனைகள் யாவும் முன்னே வந்து, வினை இறுதியிலே வருகிறது; ‘ஆம்’, ‘இல்லை’ என்பதும் அந்த வினையின் கடைசி அசையிலேதான் தெரியும். ‘வழங்கப்படும்’ என்பதா, ‘வழங்கப்படமாட்டாது’ என்பதா என்று அறிய 44 ஆவது சொல் வரை மூச்சைப் பிடித்திருக்க வேண்டும். ஆகவே, ஆங்கிலத்தில் 40 சொற்களிற் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வாக்கியம், அதே அமைப்போடு தமிழுக்கு வந்தாற் பொறுக்க முடியாததாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளன் செய்ய வேண்டிய முதல் வேலை சொல்லைத் தேடுவதன்று. ஒரு வாக்கியத்தை எத்தனை வாக்கியமாக உடைப்பது என்று முடிவு செய்வதே.

எங்கே உடைப்பது என்பதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் எளியது. ஒரு நிருபத்தில் வழக்கமாக மூன்று பொருள்கள் கலந்து கிடக்கும்: ஊழியர் செய்ய வேண்டியது, ஊழியர் விரும்பினாற் செய்யக்கூடியது, அலுவலகம் செய்யப்போவது. முதலாவதற்கு ‘வேண்டும்’, இரண்டாவதற்கு ‘-லாம்’, மூன்றாவதற்கு எதிர்கால வினைமுற்று. முடிபு மாறும் இடத்திலே வாக்கியமும் முடிய வேண்டும். மேலே கண்ட வாக்கியத்தில் இம்மூன்றும் ஒரே ‘கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’ என்பதன் கீழ் நசுங்கிக் கிடந்தன. அதனைப் பின்வருமாறு மாற்றி எழுதிப் பிரதம இலிகிதரிடம் கொடுத்தேன்.

‘இரவுக் கடமை செய்யும் ஊழியர்களுக்கு: கடமை நேரப் பதிவை ஒவ்வொரு மாதமும் 5 ஆந் திகதி மாலை 4 மணிக்குள் கணக்குக் கிளையிற் கொடுக்க வேண்டும். பதிவிலே பிரிவுப் பொறுப்பாளரின் சிபாரிசு இருக்க வேண்டும். பிந்திக் கொடுத்தால் அந்த மாதத்துக்குரிய மேலதிக நேரப் பணம் வழங்கப்படாது. தக்க காரணத்தாற் பிந்தியவர்கள் அக்காரணத்தை எழுதித் தரலாம். நான் அதனை ஏற்றுக்கொண்டால் பணம் வழங்கப்படும்.’

இம்முறை 5 ஆந் திகதியும் உள்ளடங்குகிறது. எந்நேரம் வரை என்பதும் தெரிகிறது. ‘கொடுக்க வேண்டும்’ என்னும் வடிவத்திலே நீ, நீர், நீங்கள் என்ற படிகள் எதுவும் இல்லை என்பதையும் கவனிக்கலாம். அது கணக்காளருக்கும் அதே வடிவம். காவலாளிக்கும் அதே வடிவம். மதிப்பைக் காட்டும் விகுதி இல்லாததாலேயே எவரையும் தாழ்த்தாத முடிபு அது.

பிரதம இலிகிதர் தமிழறிந்தவர். பழைய முறையில் எழுதிப் பழகியவர். அவருக்கு ‘நான்’ என்ற சொல் பிடிக்கவில்லை. ‘நிருபம் நாற்காலியின் குரல், தம்பி, நாற்காலியில் இருப்பவரின் குரலன்று. இவர் மாற்றலாகிப் போனபின் இந்த நான் யார்?’ என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஓர் ஆண்டுக்கும் மேலாக நின்று நிலைக்க வேண்டிய விதிகளில் ‘நிறைவேற்று அலுவலர் ஏற்றுக்கொண்டால்’ என்று பதவியை எழுவாயாக்குவதே தகும், அவ்வாறே திருத்தினோம். ஆனால், ஒரு நாளுக்கோ ஒரு வாரத்துக்கோ உரிய வேண்டுகோளிலே ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்று தலைவர் தம் வாயாற் சொல்வது நன்று என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ‘கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’ என்பதைவிட அது குறுகியது. கேட்பவர் யார் என்பதும் தெரிகிறது. மறுத்துச் சொல்ல விரும்புபவர் யாரிடம் போவது என்பதும் தெரிகிறது.

‘வழங்கப்படாது’ என்ற சொல்லிலும் சற்று நேரம் நின்றோம். மரியாதையாக இருக்கட்டும் என்று அவர் ‘கிடைக்காது’ எனத் திருத்தினார். காதுக்கு மெல்லியதுதான். ஆயினும், பணம் தானாகவே வராமற்போவது போலவும், மழை பெய்யாமற்போவது போலவும் அது ஒலிக்கிறது. ‘வழங்க இயலாது’ என்பதும் உண்மையன்று. இயலும், ஆனால் வழங்குவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். தண்டனையை மெல்லிய வினையால் மூடினால், படுபவருக்கு அது இரட்டை ஏமாற்றமாகும். இறுதியில் ‘வழங்கப்படாது’ என்பதே நின்றது. ‘-லாம்’ என்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ‘எழுதித் தரலாம்’ என்பது அனுமதி. ‘கொடுப்பனவு குறைக்கப்படலாம்’ என்பதோ அனுமதியுமன்று, உறுதியுமன்று. யாரோ எங்கோ குறைக்கக்கூடும் என்ற மங்கலான அச்சுறுத்தல். எப்போது, எவ்வளவு குறையும் என்று எழுத முடியாதவர் அந்த வாக்கியத்தையே விட்டுவிடலாம்.

இனி ‘அனைவரும்’ என்ற சொல்லுக்கு வருவோம். ‘நாம் அனைவரும்’, ‘நீங்கள் அனைவரும்’, ‘அவர்கள் அனைவரும்’ என மூன்றிடத்துக்கும் அது பொது. அதனால் ‘அனைவரும் வருவோம்’ என்றால் எழுதியவரும் வருகிறார். ‘அனைவரும் வருவார்கள்’ என்றால் அவர் விலகி நிற்கிறார். தலைவர் தம்மைச் சேர்த்துக்கொண்டாரா என்பதை அவ்வினையின் விகுதி ஒன்றே சொல்லும். முள்ளிக்குளத்துக் கரைவலைப் பாட்டிலே இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். வலை கடலில் இருக்கும்போது சம்மாட்டி ‘இழு’, ‘விடு’, ‘பிடி’ என்று ஓரசை ஈரசையில் ஏவுவார். அப்போது மரியாதை பார்ப்பவர் இல்லை, வலை காத்திருக்காது. வேலை முடிந்து, அடுத்த நாளுக்கு ஆட்களைக் கூப்பிடும்போது அவரது வினை மாறிவிடும். ‘விடிய நாலு மணிக்கு வாடிக்கு வருவம்’ என்பார். ‘வா’ என்பதுமில்லை, ‘வாருங்கோ’ என்பதுமில்லை. வர வேண்டிய இருபது பேரில் அவரும் ஒருவராகிறார். அவரும் நாலு மணிக்கு அங்கே நிற்பார்.

அந்த ‘நாம்’ நிருபத்துக்கும் உதவும். ஆனால், அது உண்மையாக இருக்க வேண்டும். அலுவலகத்திலே மின்சாரச் செலவைக் குறைக்குமாறு ஒரு நிருபம் வந்தது. ‘நாம் அனைவரும் மின்விசிறிகளைத் தேவையான போது மட்டும் பயன்படுத்துவோம்’ என்று அழகாக முடிந்திருந்தது. தலைவரின் அறையிலே குளிரூட்டி நாள் முழுவதும் இயங்கிக்கொண்டிருந்தது. ஊழியர்கள் அந்தப் பன்மையைக் கண்டு சிரித்தனர். எழுதுபவர் தாம் கைக்கொள்ளாத ஒன்றுக்கு ‘வோம்’ விகுதி கொடுப்பதைவிட, ‘வேண்டும்’ என்று நேரே சொல்லிவிடுவது மேல். ‘எமது’, ‘நமது’ என்ற சொற்களுக்கும் இது பொருந்தும். ‘எமது அலுவலகம்’ என்பது வெளியாருக்கு எழுதும் கடிதத்திற் பொருத்தமானது. அதே சொல்லை ஊழியர்களுக்கே எழுதும்போது, அவர்களை அலுவலகத்துக்கு வெளியே நிறுத்தி விடுகிறோம். இவ்வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. மொழிபெயர்ப்பில் முதலிலே தொலைவது இதுவே.

தொலைவதற்குப் பதிலாகக் குழம்புவது ‘தாங்கள்’. மேலோருக்கு எழுதும் கடிதத்தில் அது முன்னிலை. ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்போம். ‘ஊழியர்கள் தங்கள் வாகனங்களை’ என்னும்போதோ அதுவே படர்க்கை. ஒரு நிருபத்தில், ‘பிரிவுத் தலைவர்கள் பற்றிய முறைப்பாடுகளைத் தங்கள் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கவும்’ என்றிருந்தது. முறைப்பாட்டை வாசகர் தம் பொறுப்பாளரிடம் கொடுப்பதா, பிரிவுத் தலைவர்களின் பொறுப்பாளரிடம் கொடுப்பதா என்பது தெரியவில்லை. முறைப்பாடு யாரைப் பற்றியது என்பதை நினைத்துப் பார்த்தால், அது சிறிய ஐயமன்று. ‘நீங்கள்’, ‘உங்கள்’ என்பன அனைவருக்குமான நிருபத்திற் போதிய மதிப்புடையவை. ‘தாங்கள்’ என்பதைத் தனிக் கடிதத்துக்கு ஒதுக்கிவைத்தால், ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் இருக்கும்.

இவ்வளவு கூறியபின்னும், நாங்கள் இருவரும் உடன்படாத ஒன்று எஞ்சியிருந்தது. ஒழுக்காற்று விதிகளின் பழைய தமிழ் வடிவத்திலே ‘அலுவலர் ஒருவர் தவறிழைப்பின் அவர்’ என்றும், சிற்றூழியர் பற்றிய பிரிவிலே ‘ஊழியன் தவறிழைப்பின் அவன்’ என்றும் இருந்தது. இரண்டும் ஒரே ஏட்டில், சில பக்க இடைவெளியில். பிரதம இலிகிதர் அதனை மாற்றத் தயங்கினார். சட்டத்தன்மையுள்ள வாசகத்தைக் கைவைத்தாற் பின்னர் விசாரணையிலே எவராவது அதைப் பிடித்துக்கொள்வர் என்பது அவரது அச்சம். மூல வாசகத்தை அவ்வாறே பின்னிணைப்பாக வைத்து, முன்னே ஒரு பக்கத்தில் ‘ஊழியர் ஒருவர் தவறிழைத்தால் அவர்’ என்று எல்லாருக்கும் பொதுவாக எழுதிச் சேர்க்கலாம் என்றேன். ‘அப்படியானால் ஒரே ஏட்டிலே அவனும் இருப்பான், அவரும் இருப்பார்’ என்று சொல்லிச் சிரித்தார். ஏடு அவ்வாறே தைக்கப்பட்டது. முன்பக்கத்தை மட்டும் படியெடுத்துப் பலகையில் ஒட்டினோம்.